24 காரட், 22 காரட்: தங்கத்தின் தரம் மாறினால் கிராம் விலை எப்படி மாறும்? கேள்விகளும் பதில்களும்

24 காரட், 22 காரட் என்று சொல்கிறார்களே, அது எதைக் குறிக்கிறது?

பங்கைக் குறிக்கிறது. ஒரு நகையின் எடையை 24 சம பங்காகப் பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை பங்கு சுத்தத் தங்கமோ அத்தனை காரட். 24 பங்கும் தங்கம் என்றால் 24 காரட். 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பு, வெள்ளி போன்ற வேறு உலோகம் என்றால் 22 காரட். 18 காரட்டில் தங்கம் முக்கால் பங்கு, மற்றவை கால் பங்கு.

வைரத்துக்கும் காரட் என்றுதான் சொல்வார்கள். அது வேறு. அங்கே காரட் என்பது எடை, ஒரு காரட் 0.2 கிராம். வைரம் பதித்த நகையின் பில்லில் இரண்டு காரட்டும் அடுத்தடுத்து வரும்போது பலர் குழம்பிப்போவது இதனால்தான்.

கடைப் பலகையில் 22 காரட் விலை குறைவாக இருக்கிறது. அப்படியானால் 22 காரட் மலிவுதானே?

இல்லை. தங்கத்துக்கு உள்ளபடி ஒரே ஒரு விலைதான், சுத்தத் தங்கத்தின் விலை. பலகையில் இருக்கும் மற்ற விலைகள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து பங்கு போட்டு எடுத்தவை.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரண விலையை வைத்துக்கொள்வோம். 24 காரட் கிராம் 12,000 ரூபாய். இது இன்றைய விலை அல்ல, கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று எடுத்த எண். 12,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு காரட்டுக்கு 500 ரூபாய். அப்போது 22 காரட் கிராம் 11,000, 18 காரட் கிராம் 9,000, 14 காரட் கிராம் 7,000.

இப்போது 22 காரட்டில் ஒரு கிராமை 11,000 கொடுத்து வாங்குகிறீர்கள். அதற்குள் சுத்தத் தங்கம் 0.9167 கிராம்தான் இருக்கிறது. 11,000-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், மறுபடி 12,000 வந்து நிற்கும். 1,000 ரூபாய் குறைந்தது தங்கம் மலிவானதால் அல்ல, தங்கம் குறைந்ததால். அந்த 2 பங்கு செம்புக்கும் வெள்ளிக்கும் விலைக் கணக்கில் மதிப்பே கிடையாது.

பலகையில் ஒரு விலை மட்டும் தெரிந்தால் மற்றதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்:

```
22 காரட் விலை = 24 காரட் விலை × 22 ÷ 24
24 காரட் விலை = 22 காரட் விலை × 24 ÷ 22
```

இரண்டாவதில் வரும் 24 ÷ 22 என்பது ஏறக்குறைய 1.091. 22 காரட் விலையோடு அதில் பதினொன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 24 காரட் விலை. 11,000-இல் பதினொன்றில் ஒரு பங்கு 1,000, கூட்டினால் 12,000. கைபேசிகூடத் தேவையில்லை.

பேப்பரிலும் டிவியிலும் சொல்கிற சவரன் விலை எந்த காரட்டுக்கு?

தமிழ்நாட்டில் ‘ஆபரணத் தங்கம் சவரனுக்கு இவ்வளவு’ என்று சொன்னால் அது 22 காரட், 8 கிராம். நம் உதாரணத்தில் 88,000 ரூபாய். அதே 8 கிராம் 24 காரட்டாக இருந்தால் 96,000. ஒரு சவரனுக்கு 8,000 ரூபாய் வித்தியாசம் வருவதால், யாராவது விலை சொன்னால் எந்த காரட் என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள். சில இணையதளங்கள் 24 காரட் விலையை மேலே பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், ‘இங்கே குறைவாகத் தருகிறார்களே’ என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சவரன் என்ற சொல்லே சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்தது. அந்த நாணயமும் 22 காரட்தான், எடை 7.988 கிராம். நாம் அதை 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். பவுன் என்றாலும் இதேதான். இலங்கையில் பவுண் என்பதும் 8 கிராமே.

இன்னொன்று, அந்த அறிவிப்பு விலையில் ஜிஎஸ்டி கிடையாது. செய்கூலி, சேதாரமும் கிடையாது.

24 காரட்டிலேயே நகை செய்து போட்டுக்கொண்டால் என்ன?

வளையும். சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மை. மெல்லிய 24 காரட் மோதிரத்தை விரலால் அழுத்தியே நெளித்துவிடலாம். சங்கிலியின் கண்ணிகள் இழுபட்டு நீளும், கல் பதித்த இடத்தில் பிடி தளர்ந்து கல் விழும், தினமும் உரசி உரசித் தேய்மானமும் அதிகம். அதனால்தான் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். செம்பு கூடினால் நிறம் சற்றுச் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். ஒரே 22 காரட்டில் இரண்டு கடை நகைகள் இரண்டு நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வது நடக்காத காரியம்.

தாலியைச் சுத்தத் தங்கத்தில்தான் செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. சிறிய, தட்டையான வில்லை என்றால் செய்துகொள்ளலாம். கொடியை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

916, 91.6, 92 டச் எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய ஒன்று, ஆனால் முழுக்க ஒன்றல்ல. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று போய்க்கொண்டே இருக்கும். அதை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எழுதினால் 916, நூற்றுக்கு என்று எழுதினால் 91.6. ‘டச்’ என்பது பட்டறையிலும் மொத்த வியாபாரத்திலும் நூற்றுக்கணக்கில் தரம் சொல்லும் பேச்சு. உரைகல்லில் உரசித் தரம் பார்த்ததிலிருந்து வந்த சொல். நம் பழைய சொல் ‘மாற்று’, பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று.

92 டச் என்றால் 920. 916-க்கும் 920-க்கும் இடையே உள்ள அந்த 4 விலையில் எங்கே தலைகாட்டும் என்றால், சிலர் 24 காரட் விலையை 0.92-ஆல் பெருக்கி 22 காரட் விலை சொல்வார்கள். 12,000 × 0.92 = 11,040. கிராமுக்கு 40 ரூபாய், சவரனுக்கு 320 ரூபாய் கூடுதல். நகையிலும் 920 இருந்தால் நியாயம். முத்திரை 916 என்றால் அந்த நகையில் 916-க்குக் குறையாமல் தங்கம் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், 920 இருக்கும் என்று அல்ல. பெரிய ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

24 காரட் நாணயத்தில் 999 என்று இருக்கிறது, 1000 என்று ஏன் இல்லை?

உருக்கிச் சுத்திகரிக்கும்போது கடைசித் துளி கலப்பை எடுப்பதற்குச் செலவு ஏகத்துக்கு ஏறும். அதனால் ஆயிரத்துக்கு 999 வந்தாலே 24 காரட் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் 995 என்பதும் 24 காரட் வகையிலேயே வருகிறது. முன்பேர வணிகத்தில் பெரிய கட்டிகள் பல 995 தரம்தான். நீங்கள் 10 கிராம் வாங்கினால் 999-க்கும் 995-க்கும் வித்தியாசம் 0.04 கிராம், நம் விலையில் 480 ரூபாய். நாணயம் வாங்கும்போது ‘24 காரட்’ என்ற சொல்லோடு நிற்காமல் அந்த மூன்று இலக்கத்தையும் பாருங்கள்.

‘916 கேடிஎம்’ என்றால் 916-ஐ விட உசத்தியா?

கேடிஎம் என்பது தரமே அல்ல, பற்றவைக்கும் முறை. நகையின் துண்டுகளை ஒட்டப் பத்தர்கள் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். முன்பு அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் நிறைய இருந்ததால், 22 காரட் தகட்டில் செய்த நகையை முழுசாக உருக்கினால் தரம் இறங்கிவிடும். பற்று அதிகமுள்ள சின்னச் சின்ன வேலைப்பாட்டில் இந்த இறக்கம் இன்னும் கூடும். பிறகு 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் கலந்து பற்றவைக்க ஆரம்பித்தார்கள். பற்றும் தங்கத்தின் அதே தரத்தில் இருந்ததால் நகையின் தரம் குறையவில்லை. அதுதான் கேடிஎம்.

காட்மியப் புகை வேலை செய்கிறவர்களின் நுரையீரலைக் கெடுக்கும். அதனால் அந்த முறை கைவிடப்பட்டு வேறு உலோகங்கள் வந்துவிட்டன. இன்றும் ஒருவர் ‘கேடிஎம் நகை’ என்று பெருமையாகச் சொன்னால், பழைய பழக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு முத்திரையைப் பாருங்கள்.

பலகையில் 11,000. ஆனால் பில்லை எடையால் வகுத்தால் கிராம் 12,600-க்கும் மேலே வருகிறது. எங்கே தப்பு?

தப்பு இல்லை, பில் அப்படித்தான் கூடும். இரண்டு சவரன் சங்கிலி, அதாவது 16 கிராம், 22 காரட், சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடை செய்கூலி தனியாகப் போடவில்லை.

தங்கத்தின் விலை 16 × 11,000 = 1,76,000. சேதாரம் அதில் 12 சதவீதம், 21,120. இரண்டும் சேர்ந்து 1,97,120. இதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 5,913.60. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதற்கு வரி சேர்த்து 53.10. மொத்தம் 2,03,086.70. கிராமுக்கு 12,693 ரூபாய்.

22 காரட் வாங்கிவிட்டு 24 காரட் விலைக்கும் மேலே கொடுத்திருக்கிறீர்கள். இதை இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். அந்தச் சங்கிலிக்குள் சுத்தத் தங்கம் சுமார் 14.66 கிராம். கொடுத்த பணத்தை அதால் வகுத்தால் சுத்தத் தங்கம் கிராமுக்குச் சுமார் 13,850 ரூபாய் விழுந்திருக்கிறது. சந்தையில் அது 12,000. இடையில் உள்ள 1,850 ரூபாயும் வேலைக்கும் வரிக்கும் போனது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடை பில்லாக இருந்தாலும் இந்தக் கடைசி எண்ணை மட்டும் போட்டுப் பார்ப்பேன். ஒரு கடை சேதாரத்தைக் குறைத்துக் கிராம் விலையை ஏற்றியிருக்கும், இன்னொன்று விலையை அப்படியே வைத்துச் செய்கூலியைக் கூட்டியிருக்கும். எப்படிச் சுற்றினாலும் சுத்தத் தங்கத்துக்கு என்ன விழுந்தது என்று பார்த்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம்.

பழைய வளையலைக் கொடுத்தேன். மெஷினில் 87.5 வந்தது என்று சொல்லி ரொம்பக் குறைத்துவிட்டார்கள். சரியான விலை என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே எண்ணோடு நானே மாட்டியிருக்கிறேன். அத்தையின் ஒரு ஜோடி வளையல், முத்திரை எதுவும் இல்லாத பழங்காலத்து நகை. கடையின் பெயர் வேண்டாம். அன்றைய விலைகளை இங்கே நம் உதாரண விலைக்கு மாற்றிச் சொல்கிறேன்.

தராசில் 24 கிராம், சரியாக மூன்று சவரன். உருக்கியபோது 23.6 கிராம் ஆனது. உள்ளே அழுக்கும் கொஞ்சம் அரக்கும் இருந்தது, அதனால் இந்த இறக்கம் நியாயமே. தரம் 87.5 என்று வந்தது. அது 21 காரட். பத்தர் செய்த பழைய நகையில், பற்றையும் சேர்த்து உருக்கினால் இப்படி வருவது சகஜம். இதுவரை எல்லாம் சரி.

அடுத்து விலை போட்டார்கள். ‘இன்றைக்கு விலை 11,000, அதில் 87.5 சதவீதம், கிராம் 9,625’ என்றார் கவுன்டரில் இருந்தவர். 23.6 கிராமுக்கு 2,27,150 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அத்தை தலையாட்டியும்விட்டார்.

தப்பு எங்கே என்றால், 11,000 என்பது ஏற்கெனவே 22 காரட்டுக்காகக் குறைத்த விலை. மெஷின் சொல்லும் 87.5 என்பது சுத்தத் தங்கம் நூறு என்று வைத்துச் சொல்லும் அளவு. குறைத்த விலையின்மேல் முழுக் கணக்குத் தரத்தைப் பெருக்கினால் கழிவு இரண்டு முறை விழுகிறது. 87.5-ஐப் பெருக்க வேண்டியது 24 காரட் விலையோடு: 12,000 × 0.875 = 10,500. 23.6 கிராமுக்கு 2,47,800. வித்தியாசம் 20,650 ரூபாய்.

‘நாங்கள் 22 காரட் விலையில்தான் எடுப்போம்’ என்று சொன்னால் அதற்கும் வழி உண்டு. நகையின் தரத்தை முதலில் 22 காரட் தரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். 87.5 ÷ 91.67 = 0.9545. அதை 11,000-ஆல் பெருக்கினால் மறுபடி அதே 10,500.

நான் வாதாடவில்லை. வேறொரு கேள்விதான் கேட்டேன்: “அண்ணே, இதில் சுத்தத் தங்கம் எத்தனை கிராம் இருக்கு?” அவர் கால்குலேட்டரில் 23.6 × 0.875 போட்டு 20.65 என்றார். “சுத்தத் தங்கம் இன்றைக்கு என்ன விலை?” என்று கேட்டதும் அவருக்கே புரிந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசி, திரும்ப எடுப்பதற்கு என்று கிராமுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்தக் கழிவு வியாபாரம், அதைப் பேரம் பேசலாம். ஆனால் அது தரக் கழிவுக்குள் ஒளிந்து வரக் கூடாது. எடை இறக்கம், தரம், கடைக் கழிவு மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் உருக்கவே கொடுக்காதீர்கள், உருக்கியபின் நகை நகையாகத் திரும்ப வராது.

மெஷினில் 91.8 காட்டியது. அதை நம்பலாமா?

கடைகளில் இருக்கும் மெஷின் எக்ஸ் கதிரை நகைமேல் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்கிறது. சில நொடி வேலை, நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது பார்ப்பது மேல்பரப்பை மட்டும். தங்க முலாம் கனமாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. ஒரே நகையில் தகட்டில் வைத்தால் ஒரு எண்ணும் பற்று இருக்கும் இடத்தில் வைத்தால் குறைந்த எண்ணும் வரும். அதனால் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகையின் உள்பக்கம், கொக்கிக்கு அருகே ஒரு முறையாவது.

முடிவான சோதனை நெருப்புச் சோதனைதான். நகையிலிருந்து சுரண்டி எடுத்த சிறு துணுக்கை எடை போட்டு, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயம் செம்பு முதலான கலப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சிய மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். அதை எடை போட்டு முதல் எடையால் வகுத்தால் தரம். ஹால்மார்க் மையங்களில் இது நடக்கிறது.

தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்க்கும் முறையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, கலப்பு கூடக் கூட அது இறங்கும் என்பது உண்மை. கல் பதித்த நகைக்கும் உள்ளே கூடாக இருக்கும் நகைக்கும் இது உதவாது. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தோடு கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கட்டிக்கும் நம்ப முடியாது.

22 காரட் என்று சொல்லி 18 காரட் கொடுத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் விலையில் அது கிராமுக்கு 2,000 ரூபாய் ஏமாற்று, சவரனுக்கு 16,000. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, முத்திரையைத்தான் படிக்க வேண்டும்.

இப்போதைய ஹால்மார்க்கில் மூன்று விஷயம் இருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணச் சின்னம், 22K916 என்பது போலத் தரம், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி. இந்தக் கடைசி எண் ஒவ்வொரு நகைக்கும் தனி. 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. கைபேசியில் BIS Care செயலியைத் திறந்து Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறையும் தட்டினால், எந்த வகை நகை, என்ன தரம், எந்த மையம் முத்திரை போட்டது என்று வரும். கையில் மோதிரம் இருக்கத் திரையில் ‘வளையல்’ என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முத்திரை எழுத்து பொடிசாக இருக்கும், கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்குங்கள்.

ஹால்மார்க் நகையில் முத்திரையைவிடத் தரம் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்றவர் தர வேண்டும் என்று பிஐஎஸ் விதி சொல்கிறது. கையில் பில் இருந்தால்தான் இது நடக்கும். பில்லில் எடை, காரட், அன்றைய கிராம் விலை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, குழந்தைத் தோடு வாங்கும்போது கடைக்காரரின் வார்த்தையும் பில்லும்தான் துணை.

18 காரட்டுக்கு 22 காரட்டை விடச் சேதாரம் கூடுதலாகக் கேட்கிறார்களே?

கல் வேலைப்பாடு அதிகமுள்ள நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில் வருகின்றன, வேலைக்கூலி கூடுகிறது. அது அவர்கள் சொல்லும் காரணம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: கிராம் விலை 9,000 என்ற 18 காரட் விலையில் போட்டிருக்கிறார்களா, கல்லின் எடையைத் தங்க எடையிலிருந்து கழித்திருக்கிறார்களா. இரண்டில் ஒன்று தவறினால் சேதாரத்தைப் பேரம் பேசி மிச்சப்படுத்தியது எல்லாம் போய்விடும்.

சேமிப்புக்கு நாணயம் வாங்குகிறேன். 22-ஆ, 24-ஆ?

பிற்பாடு விற்றுப் பணமாக்கத்தான் என்றால் 24. நாணயத்துக்குக் கூலி குறைவு, தரத்தில் சர்ச்சையும் குறைவு. ஆனால் வங்கியில் வாங்கினால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது, கடைக்குத்தான் போக வேண்டும்.

பெண்ணின் கல்யாணத்துக்கு நகையாக மாற்றத்தான் என்றால் பலர் 22 காரட் நாணயம் வாங்குகிறார்கள், 8 கிராம் நாணயத்துக்கு 8 கிராம் நகை என்று கணக்கு சுலபம் என்பதால். அதில் தப்பில்லை. ஆனால் 24 காரட் நாணயத்தை வைத்துக்கொண்டு இந்தச் சுலபக் கணக்கை ஒத்துக்கொள்ளாதீர்கள். 999 தரத்தில் 8 கிராம் நாணயத்துக்குள் 7.992 கிராம் தங்கம் இருக்கிறது. அது 22 காரட்டாக மாறினால் 8.71 கிராமுக்குச் சற்று மேலே வர வேண்டும். ‘எட்டுக்கு எட்டு’ என்று எடுத்துக்கொண்டால் முக்கால் கிராமுக்குக் கிட்டத்தட்டப் போகிறது, நம் விலையில் ஒரு நாணயத்துக்கு 7,800 ரூபாய்க்கு மேல். நான்கைந்து நாணயம் என்றால் ஒரு சின்ன மோதிரமே போய்விடும்.

அடகு வைக்கும்போது 24 காரட்டுக்கு அதிகக் கடன் கிடைக்குமா?

கட்டியாகக் கொண்டுபோனால் கடனே கிடைக்காது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நகைமேலும், ஓரளவுக்கு நாணயங்கள்மேலும்தான் கடன் தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கட்டி, பார் என்றால் இல்லை. நகையில் தங்கத்துக்கு மட்டும் மதிப்பு, கல்லுக்கும் நீங்கள் கொடுத்த சேதாரத்துக்கும் மதிப்பில்லை. ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட விதிகளின்படி அந்த நகையின் தரத்துக்குரிய விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடந்த 30 நாள் சராசரியும் முந்தைய நாள் விலையும் பார்த்து, இரண்டில் குறைந்தது எதுவோ அது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு அந்த மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம்.

நம் 16 கிராம் சங்கிலியையே எடுத்துக்கொண்டால், 2,03,086 ரூபாய்க்கு வாங்கியது அங்கே 1,76,000 ஆகிவிடும். அதில் 85 சதவீதம் 1,49,600. மதிப்பீட்டாளர் சீட்டில் மொத்த எடை, கழித்த எடை, காரட் என்று எழுதித் தருவார். அதைப் பத்திரமாக வைத்திருங்கள், நகையைத் திருப்பும் நாளில் அதே எண்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.